தோள் இறங்குவதற்கு ஒரு டீ நேரம்

டீ டம்ளரை மேசையிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோகத் தோள்பட்டை உயர வேண்டியதே இல்லை. முழங்கை மடங்கினால் போதும். ஆனால் பதற்றத்தில் இருக்கிற ஒருவர் டம்ளரை எடுப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கை நகர்வதற்கு முன்பே தோள் ஒரு விரற்கடை ஏறிவிடும். தாடை முன்னால் நீளும். மூச்சு ஒரு கணம் நிற்கும். அதற்குப் பிறகுதான் டம்ளர் கிளம்பும். குடித்துவிட்டுக் கீழே வைத்த பிறகும் அந்தத் தோள் முழுதாக இறங்காது. அடுத்த மெயில், அடுத்த போன், அடுத்த கணக்கு என்று வரும்போது, ஏறிய இடத்திலிருந்தே இன்னும் கொஞ்சம் ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்கு, "கழுத்தெல்லாம் பிடிச்சுக்கிச்சு, நேத்து சரியாப் படுக்கலை போல" என்று தலையணையின் மேல் பழி போடுவார்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிற மேசை வேலைக்காரர்களில் பலருக்குத் தலையணையில் கோளாறு ஒன்றும் இருப்பதில்லை. அவர்களுடைய சதைக்கு ஓய்வு கிடைப்பதில்லை, அவ்வளவுதான். மேசையை விட்டு எழாமலே அந்த ஓய்வைக் கொடுப்பது எப்படி என்று சொல்கிறேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

பிடரியில் தொடங்கி, கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்கி, தோள்முனை வரை விரிகிற பெரிய சதைக்கு ட்ரபீசியஸ் என்று பெயர். கழுத்து வலி என்றதும் நம் கை தானாகப் போய்ப் பிடிக்கிற இடம் இதன் மேல்பகுதி. தோளைத் தூக்குவதும், கையின் பாரத்தைத் தாங்குவதும், ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையை நிலைநிறுத்த உதவுவதும் இதன் வேலை. இந்தச் சதைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருவரைக் கையைக்கூட அசைக்காமல் உட்காரவைத்து, அவசரப்படுத்தி மனக்கணக்குப் போடச் சொன்னாலே இது இறுக ஆரம்பிக்கிறது. தோலின் மேல் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தவர்கள் இதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். தூக்குவதற்கு ஒரு பொருளும் இல்லை, ஆனாலும் சதை தூக்குகிறது.

அந்த இறுக்கம் சிறியதுதான். முழுப் பலத்தோடு ஒப்பிட்டால் கணக்கில்கூட வராது. இவ்வளவு சின்ன இறுக்கம் ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும்? 1991-இல் சுவீடன் ஆய்வாளர் யோரான் ஹெக் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒரு சதையில் இருக்கிற எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. லேசான வேலை என்றால் சின்ன இழைகள் மட்டும் முதலில் எழும். வேலை கூடினால்தான் பெரியவை வந்து சேரும். வேலை குறையும்போது பெரியவை முதலில் போய்விடும், சின்னவை கடைசிவரை நிற்கும். கூட்டுக்குடும்பத்தில் விடியுமுன் எழுந்து எல்லோரும் படுத்த பிறகு படுக்கிற மருமகளின் நிலைமைதான் அவற்றுக்கு. மொத்த வேலை லேசாகவே இருந்தாலும், அந்தச் சில இழைகளுக்கு மட்டும் காலை முதல் இரவு வரை விடுப்பே கிடையாது. ஹெக் சிண்ட்ரெல்லா கதையை மனத்தில் வைத்து அந்தப் பெயரையே இந்தக் கருத்துக்கு வைத்தார். இது முழுதாக நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல, ஒரு கருதுகோள். ஆனால் நான் தினமும் பார்க்கிறதோடு பொருந்திப்போகிற கருதுகோள்.

அதே காலத்தில் நார்வேயில், சாக்லேட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை செய்த பெண்களின் தோள் சதையை அளந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரியான, லேசான வேலை. சிலருக்கு வலி வந்தது, சிலருக்கு வரவில்லை. வலி வராத பெண்களின் சதை, வேலைக்கு நடுவிலேயே அடிக்கடி ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முழுதாக அணைந்து அணைந்து எழுந்தது. வலி வந்தவர்களிடம் அந்த இடைவெளிகள் குறைவாக இருந்தன. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். நாம் செய்யப்போகிற நீட்டல்கள் சதையை இழுத்து நீளமாக்குவதற்காக அல்ல. அது அணைவதற்கு ஓர் இடைவெளி கொடுப்பதற்காக. ஆகவே எவ்வளவு தூரம் வளைகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். இறுக்கம் விட்டதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

பலர் தப்பு செய்கிற இடம் இதுதான். கழுத்து இறுக்கமாக இருக்கிறது, ஆகவே வேகமாக ஒரு திருகு திருகிச் சொடக்கு எடுத்தால் விட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். சதைக்குள் நீளத்தை அளக்கிற நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. சதை திடீரென்று நீண்டால் அவை உடனே எச்சரிக்கை அனுப்பும். சதை தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும். அதாவது வெடுக்கென்று இழுத்தால், எதை விடச் சொல்கிறோமோ அதையே பிடிக்கச் சொல்கிறோம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையையும் பின்தலையையும் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற நாளங்கள் ஏறுகின்றன. வேகமான திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. நெட்டி முறிந்ததும் வருகிற சுகத்துக்கு அந்த விலை அதிகம்.

கழுத்துக்குப் போவதற்கு முன் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் கழுத்தும் மார்பும் ஒரே வேலையில் மாட்டிக்கொள்கின்றன. கழுத்தின் பக்கவாட்டில், காறை எலும்புக்குப் பின்னால், ஸ்கேலீன் என்கிற மெல்லிய சதைகள் கழுத்தெலும்பிலிருந்து இறங்கி மேல் இரண்டு விலா எலும்புகளில் ஒட்டுகின்றன. மார்பின் முன்புறம், பெரிய மார்புச் சதைக்கு அடியில், பெக்டொராலிஸ் மைனர் என்று ஒரு சின்னச் சதை. அது மூன்று முதல் ஐந்து வரையிலான விலாக்களிலிருந்து தோள்பட்டை எலும்பின் முன்கொக்கிக்குப் போகிறது. ஓய்வாக இருக்கும்போது மூச்சு வேலையின் பெரும்பகுதியை வயிற்றுக்கு மேலிருக்கிற உதரவிதானம் பார்த்துக்கொள்ளும். பதற்றத்தில் மூச்சு மேல்மார்புக்கு ஏறும். அப்போது இந்தச் சதைகள், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாக்களை மேலே தூக்கத் தொடங்கும். நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை. தோள் முன்னால் உருளும், நெஞ்சு இறுகும், "மூச்சு முழுசா உள்ள போகலை" என்று தோன்றும். அதனால் இன்னும் ஆழமாக இழுப்போம். உள்ளே ஏற்கெனவே காற்று நிறைந்திருக்கிறது, வெளியேதான் போகவில்லை என்பது யாருக்கும் தோன்றாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்துக்கொண்டே போனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்நுனியும் உதட்டோரமும் மரமரக்கும். அதைப் பார்த்துப் பதற்றம் கூடும். எனவே இந்தப் பயிற்சி எதிலும் நான் "ஆழமா இழுங்க" என்று சொல்வதே இல்லை. விடுவதை மட்டும் நீட்டினால் போதும். இதயத் துடிப்பு மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் ஓடும். இது எல்லா உடம்பிலும் இருக்கிற ஏற்பாடு. விடுகிற நேரத்தை நீட்டினால், அந்த மெதுவான பகுதி நீள்கிறது.

என் அண்ணன் மகள் மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு கண்டங்கள். 11-ஆம் தேதி GSTR-1, 20-ஆம் தேதி GSTR-3B. இருபதாம் தேதி தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். வலது தோளைப் பிடித்துக்கொண்டே, "அத்தை, இங்க யாரோ ஏறி உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு, நீங்க ஒரு அழுத்து அழுத்திவிடுங்களேன்" என்றாள்.

"அழுத்துறது இருக்கட்டும் பாப்பா. டைனிங் டேபிள்ல ஆபீஸ்ல உக்காருற மாதிரியே உக்காரு, பார்ப்போம்" என்றேன்.

உட்கார்ந்தாள். பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. கணக்கு வேலைக்காரர்கள் வலது ஓரத்தில் எண்கள் உள்ள அகலமான கீபோர்டு வைத்திருப்பார்கள். அதற்கும் வலதுபுறம் மவுஸ். ஆகவே வலது கை உடம்பை விட்டு வெளியே நீண்டு, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ட்ரபீசியஸ். கட்சிக்காரர் போன் செய்தால், அதை இடது காதுக்கும் இடது தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்வாளாம். வலதுபக்கம் இழுபட்டு நிற்கிறது, இடதுபக்கம் குறுகி நிற்கிறது, இரண்டுக்கும் ஓய்வில்லை.

எதையும் தொடங்குவதற்கு முன், தலையை மெதுவாக வலதுபக்கமும் இடதுபக்கமும் திருப்பி எவ்வளவு பின்னால் பார்க்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். வலதுபக்கம் திரும்பினால் சமையலறைக் கதவின் நிலைவரை தெரிந்தது. இடதுபக்கம் அலமாரியைத் தாண்டி ஜன்னல் வரை தெரிந்தது. அளவுகோல் இவ்வளவு போதும். பயிற்சி முடிந்து பார்க்கும்போது இதுதான் சாட்சி.

முதல் அசைவில் நீட்டலே கிடையாது. இரண்டு பாதமும் தரையில் பதிய, முதுகு நாற்காலியில் சாய, கைகளைத் தொடைமேல் வைக்கச் சொன்னேன். சாதாரணமாக மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு தோள்களையும் காதுப்பக்கம் தூக்க வேண்டும், முழுப் பலத்தில் அல்ல, பாதிப் பலத்தில். மூன்று அல்லது நான்கு நொடி அப்படியே வைத்திருந்து, வாயை லேசாகத் திறந்து மூச்சை நீளமாக விட்டுக்கொண்டே தோள்களைக் கைவிட வேண்டும். கீழே அழுத்தக் கூடாது, விட்டுவிட வேண்டும். அவை விழுகிற இடத்தில் விழட்டும். பிறகு ஒரு பத்து நொடி ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இந்தப் பத்து நொடியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், மருந்தே அதில்தான் இருக்கிறது. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் தசைத் தளர்ச்சி பற்றிய தன் நூலை வெளியிட்டபோது அடிப்படையாக வைத்தது இதைத்தான். இறுக்கம் என்றால் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தால்தான், அதை விடவும் தெரியும். நாள் முழுக்க இறுகியே இருக்கிற சதை, தான் இறுகியிருப்பதையே உணர்வதில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி, பிறகு விடும்போது அந்த வித்தியாசம் பிடிபடும்.

நான்காவது முறை விட்டபோது, அவளுடைய வலது தோள் இடதைவிடத் தாமதமாக, இரண்டு தவணையாக இறங்கியது. அவளே அதைக் கவனித்துவிட்டாள். "அட, இது பாதியிலேயே நின்னுருச்சு அத்தை." நின்றால் பரவாயில்லை, இன்னொரு மூச்சை நீளமாக விடு, மீதியும் வரும் என்றேன். வந்தது.

இரண்டாவது, கழுத்தின் பக்கவாட்டுக்கு. வலதுபக்கம் நீட்ட வேண்டுமென்றால் வலது கையால் நாற்காலியின் இருக்கை ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை சாயும்போது தோள் கூடவே ஏறி வராமல் இருக்க இது நங்கூரம். முகம் நேராகப் பார்த்தபடி, இடது காது இடது தோள் பக்கம் சாய வேண்டும். மூக்கு திரும்பக் கூடாது. தலையின் எடையே போதுமான இழுப்பு. இடது கையைத் தலைமேல் வைத்தாலும் கை சும்மா கிடக்கலாம், இழுக்கக் கூடாது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, மந்தமாக, அகலமாக ஒரு இழுப்பு தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். வலி ஆரம்பிக்கிற இடத்துக்கு வெகு முன்பே அது வந்துவிடும். இருபது முதல் முப்பது நொடி அங்கே இருக்க வேண்டும், அதாவது நிதானமான நான்கைந்து மூச்சு. முதல் பத்து நொடி சதை எதிர்க்கும். அதன்பிறகு மெல்ல ஏதோ இளகுவது தெரியும். சதை நீண்டுவிட்டது என்று அர்த்தம் அல்ல. அந்த இழுப்பை நரம்பு மண்டலம் ஆபத்தில்லை என்று ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். திரும்பும்போது இடது உள்ளங்கையைத் தலையின் பக்கவாட்டில் கொடுத்து, கையால் தலையைத் தூக்கி நிமிர்த்த வேண்டும். சும்மா நிமிர்ந்தால், இப்போதுதான் விட்ட சதையையே மறுபடி பளு தூக்கவைத்தது போலாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைக்குப் போகிற நரம்புக் கற்றை, முன் ஸ்கேலீனுக்கும் நடு ஸ்கேலீனுக்கும் நடுவிலுள்ள இடுக்கின் வழியாகத்தான் வெளியே வருகிறது. தலையைச் சாய்த்து, நாற்காலியையும் பிடித்து இழுத்தால் சிலருக்குச் சதையோடு சேர்ந்து நரம்பும் இழுபடும். அடையாளம் சுலபம். சதை இழுப்பு அந்த இடத்திலேயே மந்தமாக இருக்கும். நரம்பு இழுப்பு ஒரு கோடாகக் கையில் இறங்கும், விரலில் சுருசுருக்கும், மின்சாரம் தொட்டது போலிருக்கும். அப்படி வந்தால் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ளக் கூடாது. நாற்காலியை விட்டுவிட்டு, கையை மடியில் வைத்து, சாய்வையும் பாதியாகக் குறைக்க வேண்டும். நரம்புக்கு நீண்ட நேரம் இழுபட்டு நிற்பது பிடிக்காது. சாய்வைக் குறைத்தும் சுருசுருப்பு போகவில்லை என்றால் அந்த நீட்டல் உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, முதுகுப் பக்கத்துக்கு. தோள்பட்டை எலும்பின் உள் மேல்மூலையில், முதுகெலும்பை ஒட்டி, ஒரு புள்ளி எப்போதும் வலித்துக்கொண்டே இருக்கும். பலர் அதைச் சுவர் மூலையில் வைத்துத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கழுத்தின் முதல் நான்கு எலும்புகளிலிருந்து இறங்குகிற லெவேட்டர் ஸ்கேப்புலே என்கிற சதை ஒட்டுகிற இடம் அது. பெயரைச் சொல்லிப் பழக வேண்டாம், இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும். வலது கை அதே போல நாற்காலியைப் பிடித்திருக்க, தலையை இடதுபக்கம் பாதி திருப்பி, அந்த நிலையிலேயே குனிந்து, மூக்கு இடது அக்குளை நோக்க வேண்டும். சட்டைப் பையை முகர்ந்து பார்ப்பது போல என்று சொன்னால் எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். அதே இருபது, முப்பது நொடி. அதே போலக் கை கொடுத்து நிமிர்வது. முதுகைக் கூன்போட்டுக் குனிந்தால் இழுப்பு அந்தப் புள்ளிக்குப் போகாமல் நடுமுதுகுக்குப் போய்விடும்.

இந்த இரண்டையும் அவள் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு முறை செய்தாள். எண்ணி முடித்துவிட வேண்டும் என்று மூன்றாவது மூச்சிலேயே அவசரப்பட்டாள். ஆபீஸ் பழக்கம்.

நான்காவது, மார்புக்கு. இதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தோள்கள் முன்னால் உருண்டு கிடக்கிறவர்கள் முதுகுப்பக்கம் இழுக்கிறது, எரிகிறது என்பார்கள். எரிகிற இடத்தையே இன்னும் நீட்டப் பார்ப்பார்கள். ஆனால் அங்கே சதை ஏற்கெனவே நீண்டு நின்றுதான் களைத்திருக்கிறது. குறுகியிருப்பது முன்பக்கம். முன்பக்கம் இளகினால் பின்பக்கத்தின் பாரம் தானாகக் குறையும். கதவு நிலையில் முழங்கையை வைத்து முன்னால் சாய்கிற நீட்டல் இதற்கு நல்லதுதான். ஆனால் ஆபீஸ் நடுவில் கதவில் போய் நிற்க எல்லோருக்கும் கூச்சம். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து நெஞ்சை விரிப்பதும் பெண்களுக்கு நாலு பேர் முன்னால் சங்கடம். அதனால் நான் சுவிட்சர்லாந்து நரம்பியல் மருத்துவர் அலோய்ஸ் புரூகர் பெயரால் வழங்குகிற ஓர் அமர்வைச் சொல்லிக்கொடுப்பேன். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூட நீங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்று தெரியாது.

நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கட்டும். இப்போது விரல்களை விரித்து, உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி கையைத் தோளிலிருந்தே வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், கட்டைவிரல்கள் பின்னால் காட்டும் வரை. நெஞ்செலும்பு தானாக ஓர் அங்குலம் நிமிரும். தாடையை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் மூச்சை நீளமாக விடுங்கள். விடும்போது கீழ் விலாக்கள் கீழே இறங்கட்டும். மூன்று மூச்சு, பிறகு தளர்த்தி, இன்னும் இரண்டு தடவை. பெரும்பாலானோர் செய்கிற தப்பு, நெஞ்சை நிமிர்த்துகிறேன் என்று இடுப்பை முன்னால் வளைப்பது. கீழ் விலா சட்டைக்கு வெளியே துருத்தினால் மார்பு விரியவில்லை, இடுப்புதான் வளைந்திருக்கிறது. அண்ணன் மகளும் அதைத்தான் செய்தாள். "மூச்சை முழுசா விட்டுட்டு அப்புறம் கையைத் திருப்பு" என்று வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

எல்லாம் சேர்ந்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான். முடிந்ததும் மறுபடி தலையைத் திருப்பச் சொன்னேன். வலதுபக்கம் கதவு நிலையைத் தாண்டி அடுப்பு மேடை தெரிந்தது. இடதுபக்கத்தில் பெரிய வித்தியாசமில்லை. வலி போய்விட்டதா என்றால் இல்லை, பாதியாகக் குறைந்திருந்தது. "திங்கக்கிழமை மறுபடி வந்துரும்ல?" என்று கேட்டாள். வரும். மவுஸ் அதே இடத்தில் இருந்தால் மத்தியானத்துக்குள் வரும்.

அதனால் அன்று பேசியதில் பாதி மேசையைப் பற்றித்தான். எண் பலகை இல்லாத சின்னக் கீபோர்டு வாங்கினால் மவுஸ் பக்கத்தில் வரும். எண்கள் இல்லாமல் கணக்கு வேலை ஓடாது என்றால், தனி எண் பலகை ஒன்றை இடதுபக்கம் வைத்துப் பழகலாம். முழங்கை உடம்பை ஒட்டியும், முன்கை மேசைமேல் படிந்தும் இருக்க வேண்டும், அந்தரத்தில் நிற்கக் கூடாது. போனுக்கு இயர்போன். நீட்டல்களை வீட்டுக்கு வந்து மொத்தமாக அரைமணி நேரம் செய்வதைவிட, வேலைக்கு நடுவே மணிக்கு ஒரு நிமிடம் செய்வதுதான் பலன் தரும். சாக்லேட் தொழிற்சாலைப் பெண்களின் சதை வேலைக்கு நடுவில்தானே ஓய்ந்தது. முழு வரிசையும் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று போதும். நடுவில் முதல் அசைவு மட்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொபைலுக்கு ஓ.டி.பி. வருவதற்காகக் காத்திருப்பாள் அல்லவா, அந்த நேரத்தில் பொதுவாகத் தோள் காதைத் தொடும். அப்போது செய்யச் சொன்னேன்.

சிலருக்கு இதில் எதிர்பாராத ஒன்று நடக்கும். தோள் இறங்கி உடம்பு தளர்ந்ததும் நிம்மதிக்குப் பதில் படபடப்பு கூடும். நாள் முழுக்க இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டியவர்களுக்கு, அதை விடுவதே காவலைக் கைவிடுவது போல இருக்கும். இது தெரிந்த விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. கண்ணை மூடாமல், ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு, முப்பது நொடிக்குப் பதில் பத்து நொடி மட்டும் செய்தால் பழகிவிடும்.

இனி, செய்யவே கூடாத இடங்கள். கழுத்தை முழுவட்டமாக உருட்டுவதும், தலையைப் பின்னால் மல்லாத்தித் திருப்புவதும் இந்த வரிசையில் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். சமீபத்தில் விழுந்தோ, வண்டியில் அடிபட்டோ கழுத்து வலிக்கிறது என்றால் முதலில் மருத்துவர். முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கலாம். எலும்புத் தேய்மானம் அதிகமுள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நீட்டும்போது கிறுகிறுப்பு, இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமம் என்று எதுவாவது வந்தால் உடனே நிறுத்த வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதுவரை வந்திராத மாதிரி திடீரென்று கழுத்தின் ஒரு பக்கத்தில் கடுமையான வலி வந்தாலும் அப்படித்தான்.

மார்பு இறுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் நெஞ்சில் என்ன வந்தாலும் "வாயு" என்று ஓமத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் உண்டு. இப்போது அதோடு "டென்ஷன்" என்கிற விளக்கமும் சேர்ந்துகொண்டது. சதை இறுக்கம் கையைத் திருப்பினால், இடத்தை அழுத்தினால் கூடிக் குறையும். ஆனால் அதை வைத்து மட்டும் நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நெஞ்சு பாரமாக அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் என்று வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் திருப்பிப் பார்க்கிற நேரம் அல்ல அது. 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வரக்கூடும்.

பதற்றமே நோயாகிவிட்டதா என்பதும் கழுத்தை வைத்து முடிவாகாது. ஆறு மாதமாக, பெரும்பாலான நாட்கள் கட்டுக்கடங்காத கவலை, கூடவே தூக்கக் கேடு, எரிச்சல், கவனம் சிதறுவது, சதை இறுக்கம் என்று இருந்தால் மனநல மருத்துவர்கள் அதைத் தனியாகவே பார்ப்பார்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. டெலிமானஸ் என்கிற அரசு உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். கழுத்தை நீட்டுவதால் கவலையின் காரணம் போகாது. கவலையால் ஏறிய தோளைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்க முடியும், அவ்வளவே.

அண்ணன் மகள் அடுத்த முறை வந்தபோது கேட்டது வேறு கேள்வி. "இறக்கி வச்சா திரும்ப ஏறுது. ஏறாம இருக்க என்ன செய்யணும் அத்தை?" சதைக்குப் பலம் கூடினால் அதே வேலை அதற்கு லேசாகத் தெரியும். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலியுள்ள அலுவலக ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது மட்டும்தான் பயிற்சி. பத்து வாரம் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு இரண்டே நிமிடம், இன்னொரு பிரிவுக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு பிரிவிலும் வலி குறைந்தது. அவளுக்கு ரப்பர் பட்டைக்குப் பதில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும் என்றேன், வாரத்தில் ஐந்து நாள், கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். முதல் வாரம் சதை கொஞ்சம் வலிக்கும், அது இரண்டு நாளில் போகிற வலி. தூக்கும்போது தோள் காதுப்பக்கம் ஏறினால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.